20 நிமிடத் தண்ணீர், 10 நிமிட அழுத்தம்

வீட்டில் கையைச் சுட்டுக்கொண்டவரிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், தண்ணீர் காட்டினேன் என்பார். எவ்வளவு நேரம் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். அரை நிமிடம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம். அதற்குள் யாராவது பற்பசையோ தேங்காய் எண்ணெயோ எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுவார்கள். விரலை வெட்டிக்கொண்டவர் கதையும் இதேதான். துணியை வைத்து அழுத்துவார், பத்து எண்ணுவதற்குள் எடுத்துப் பார்ப்பார், ரத்தம் வருகிறதே என்று மறுபடி வைப்பார், மறுபடி எடுப்பார். செய்வது சரி, நேரம் போதவில்லை. சின்னத் தீக்காயத்துக்கும் வெட்டுக்காயத்துக்கும் வீட்டில் செய்யவேண்டியதில் பாதிக்கு மேல் இந்த நேரக் கணக்கில்தான் இருக்கிறது.

முதலில் தீக்காயம். அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பார் கிட்டத்தட்ட 100 டிகிரியில் இருக்கும். அப்பளம் பொரிக்கும் எண்ணெய் 180 டிகிரியைத் தொடும். தோல் வெந்துபோக அவ்வளவு சூடு தேவையே இல்லை. 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகள் பட்டாலே போதும், குழந்தைகளின் மெல்லிய தோலுக்கு அதற்கும் குறைவான நேரம் போதும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சூடான பொருள் தோலைவிட்டுப் போன பிறகும் தோலுக்குள் இறங்கிய சூடு உடனே போய்விடுவதில்லை. அது உள்ளே இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் தீக்காய மருத்துவராக இருந்த டக்ளஸ் ஜாக்சன், ஒரு தீக்காயத்துக்குள் மூன்று பகுதிகள் இருப்பதாக 1953-ல் விளக்கினார். நடுவில் வெந்து செத்துப்போன பகுதி. அதை யாராலும் மீட்க முடியாது. வெளி ஓரத்தில் வெறுமனே சிவந்திருக்கும் பகுதி. அது தானாக ஆறிவிடும். இரண்டுக்கும் நடுவே ரத்த ஓட்டம் மந்தமாகி, பிழைக்குமா சாகுமா என்று ஊசலாடும் ஒரு பகுதி இருக்கிறது. அடுத்த இரண்டு மூன்று நாளில் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்துத்தான் காயம் தழும்பில்லாமல் ஆறுமா, ஆழமாகப் போகுமா என்பது முடிவாகும். நாம் ஊற்றும் தண்ணீர் காப்பாற்றுவது இந்த நடுப்பகுதியைத்தான். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டவேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதும் அதற்காகத்தான். வலி குறைவதும் வீக்கம் மட்டுப்படுவதும் கூடவே கிடைக்கும் லாபம். உடனே செய்வதுதான் நல்லது; ஆனால் சுட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டதே, இனி என்ன பயன் என்று விட்டுவிட வேண்டாம். மூன்று மணி நேரம் வரைக்கும் பலன் உண்டு.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மே மாதத்து மத்தியானம். மருமகள் இடுக்கியால் சாம்பார்ப் பாத்திரத்தை இறக்கும்போது இடுக்கி வழுக்கி, இடது முன்கையில் சாம்பார் கொட்டிவிடுகிறது. முழுக்கைச் சுடிதார். மாமியார் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து இட்லி மாவை எடுக்கப் போகிறார்.

"அத்தை, மாவு வேண்டாம். முதல்ல இந்தக் கையை உருவிவிடுங்க."

மருமகள் சொன்னது சரி. சாம்பாரில் ஊறிய துணி சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு தோலைத் தொடர்ந்து வேகவைக்கும். அதனால் துணியை உடனே கழற்றவேண்டும், கத்தரிக்கோலால் வெட்டியாவது. ஆனால் நைலான், பாலியஸ்டர் மாதிரியான துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கக் கூடாது. ஒட்டிய இடத்தைச் சுற்றி வெட்டிவிட்டு, அதன்மேலேயே தண்ணீர் விடலாம். அடுத்தது வளையலும் மோதிரமும். இப்போது சுலபமாகக் கழன்று வருவது, அரை மணி நேரத்தில் கை வீங்கியதும் வராது. பிறகு மோதிரத்தை அறுத்தெடுக்க ஆள் தேடவேண்டியிருக்கும்.

கையைக் குழாயில் காட்டினால், மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது. நம் ஊர்க் கோடையில் இது உண்மையான சிக்கல். குழாய்த் தண்ணீர் நன்றாகச் சுட்டால் அதை விட்டுவிட்டு, குடத்திலோ டிரம்மிலோ இருக்கும் தண்ணீரைச் சொம்பில் மொண்டு மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே இருக்கலாம். தண்ணீர்ப் பஞ்சம் என்றால் கீழே ஒரு அகலமான பாத்திரத்தை வைத்து, விழும் தண்ணீரையே திரும்ப மொண்டு ஊற்றலாம். அதுவும் முடியாத இடத்தில் ஈரத்துணியைப் போட்டு, அது சூடேறுவதற்குள் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். மண்பானைத் தண்ணீர் அருமையானது. பனிக்கட்டி மட்டும் வேண்டாம். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஊசலாடிக்கொண்டிருக்கும் அந்த நடுப்பகுதியைத் தவறான பக்கம் தள்ளிவிடும்.

20 நிமிடம் என்பது நின்று பார்த்தால் நெடுநேரம். ஐந்தாவது நிமிடத்தில் எரிச்சல் அடங்கி, போதும் என்று தோன்றும். கையை எடுத்தால் திரும்ப எரியும். கைபேசியில் நேரம் வைத்துவிட்டு ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வது உத்தமம். குழந்தையாக இருந்தால் இன்னொரு கவனமும் வேண்டும்: சுட்ட இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைப் போர்த்தி வைக்கவேண்டும். மொத்தமாகக் குளிர்ந்த நீரில் நிறுத்தினால் சின்னக் குழந்தையின் உடல்வெப்பம் சட்டென்று இறங்கிவிடும்.

இப்போது மாமியாரின் மாவுக்கு வருவோம். மாவு, பற்பசை, பேனா மை, முட்டை வெள்ளைக்கரு, நெய் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வைத்தியம் உண்டு. குளிர்ந்த மாவு வைத்ததும் கொஞ்சம் இதமாக இருக்கும் என்பது பொய்யில்லை. அந்த இதம் குளிர்ச்சியால் வருவது, மாவால் வருவதில்லை. தண்ணீர் அதைவிட நன்றாகவே குளிர வைக்கும். எண்ணெயும் நெய்யும் சூட்டை வெளியேற விடாமல் மூடிவிடும். புளித்த மாவில் நுண்ணுயிர்கள் ஏராளம். எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவரிடம் போகவேண்டி வந்தால் அவர் முதலில் பார்ப்பது காயத்தின் நிறத்தைத்தான். மையும் மாவும் அப்பியிருந்தால் அதையெல்லாம் சுரண்டிய பிறகே பார்க்க முடியும், அந்தச் சுரண்டலின் வலி தனி. மருந்துக்கடையில் வாங்கி வைத்திருக்கும் வெள்ளை நிறத் தீக்காயக் களிம்பையும், மருத்துவரிடம் போவதாக இருந்தால் பூசாமல் போவதே நல்லது. அதுவும் நிறத்தை மறைத்துவிடும்.

தண்ணீர் விட்டு முடித்ததும் ஒற்றித் துடைத்து, காயத்தை மூடவேண்டும். காற்றுப் படாமல் இருந்தாலே பாதி எரிச்சல் போய்விடும். பஞ்சு வேண்டாம், அதன் இழை காயத்தில் ஒட்டிக்கொள்ளும். மருந்துக்கடையில் பாரஃபின் தடவிய காஸ் துணி கிடைக்கும், அது ஒட்டாது. இல்லையென்றால் துவைத்து வைத்த பழைய வேட்டித் துணி போதும், தளர்வாக. மருத்துவமனைக்குப் போகிற வழியில் கையை மூட, சுத்தமான பிளாஸ்டிக் பை ஒன்றுக்குள் கையை விட்டுக்கொள்வதும் நல்ல ஏற்பாடுதான். வலிக்குப் பெரியவர்கள் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். குழந்தைக்கு எடையைப் பார்த்து அளவு.

அந்த மருமகளின் கையில் மாலைக்குள் இரண்டு கொப்புளங்கள் எழும்பிவிட்டன. சுற்றிலும் சிவப்பு. உடைக்கக் கூடாது. கொப்புளத்தின் மேல்தோல்தான் அந்த இடத்துக்கு இருப்பதிலேயே சுத்தமான கட்டு. தானாக உடைந்துவிட்டால் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, மெல்லிசாக வாசலின் தடவி, ஒட்டாத துணியால் மூடி, தினமும் மாற்றினால் போதும். இவருடைய கொப்புளப் பகுதி மொத்தமும் அவருடைய உள்ளங்கையில் பாதிதான் இருக்கும். முன்கையின் நடுவில் இருக்கிறது. சர்க்கரை நோய் இல்லை. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இதே சாம்பார் கொஞ்சம் கீழே வழிந்து மணிக்கட்டு மடிப்பையும் விரல்களையும் சுட்டிருந்தால் கணக்கு மாறிவிடும். முகம், கை விரல்கள், பாதம், பிறப்புறுப்பு, மூட்டு மடிப்பு ஆகிய இடங்களில் கொப்புளம் சின்னதாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். அங்கே தழும்பு இறுகினால் முகம் இழுத்துக்கொள்ளும், விரல் மடங்காது. மற்ற இடங்களில் அளவுகோல் நம்மிடமே இருக்கிறது: சுட்டுக்கொண்டவரின் சொந்த உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அவர் உடம்புத் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். கொப்புளம் கண்ட பகுதி அதைவிடப் பெரிதென்றால் வீட்டு வைத்தியம் போதாது. குழந்தைக்குக் குழந்தையின் கையால் அளக்கவேண்டும், அம்மாவின் கையால் அளந்தால் காயம் சின்னதாகத் தெரியும். கையையோ காலையோ வளையமாகச் சுற்றிச் சுட்டிருந்தாலும் போகவேண்டும், வீக்கம் ரத்த ஓட்டத்தை நெரித்துவிடும்.

வலியை வைத்து முடிவு செய்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சிவந்து, கொப்புளித்து, துடிக்கத் துடிக்க வலிக்கும் காயம் பெரும்பாலும் மேலோட்டமானது. வெள்ளை வெளேரென்றோ, தோல்செருப்பு மாதிரி விறைத்தோ, கருகியோ இருந்து, தொட்டால் உணர்வே இல்லையென்றால் நரம்பு முனைகளும் வெந்துவிட்டன என்று அர்த்தம். வலிக்கவில்லையே என்று நிம்மதியாக உட்காரக் கூடாது, உடனே கிளம்பவேண்டும். மின்சாரம் பாய்ந்த காயமும் இப்படித்தான். வெளியே ஒரு புள்ளி தெரியும், உள்ளே தசையும் இதயத் துடிப்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அளவு பார்க்காமல் மருத்துவமனைக்குப் போவதுதான் சரி. ஆசிட், காஸ்டிக் சோடா பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே உதவி தேடவேண்டும். மூடிய அறையில் புகையைச் சுவாசித்தவருக்குக் குரல் கம்மினாலோ இருமினாலோ 108-ஐ அழைக்கவேண்டும். கைக்குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் விஷயத்தில் கொப்புளம் என்றாலே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

சர்க்கரை நோயாளிகளைத் தனியாகச் சொல்லவேண்டும். காலில் உணர்ச்சி குறைந்திருப்பவர் சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்துவிட்டு, இரவு படுக்கும்போதுதான் உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்ப்பார். கால் வலிக்கு வெந்நீர்ப் பை வைத்துத் தூங்கிவிடுபவர்களும் உண்டு. அவர்களுக்கு அரை ரூபாய் அளவுக் காயமும் மருத்துவர் பார்க்கவேண்டிய காயம்தான்.

வீட்டில் பார்த்துக்கொள்ளும் காயம் பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் மூடிவிடும். இரண்டு வாரமாகியும் மூடவில்லை என்றால், நினைத்ததைவிட ஆழமாகச் சுட்டிருக்கிறது, காட்டிவிடவேண்டும்.

வெட்டுக்காயத்துக்கு வருவோம். இங்கே தண்ணீர் இரண்டாவது, அழுத்தம் முதலாவது. வெட்டுப்பட்டதும் ரத்தத் தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கும், அதன்மேல் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலை பின்னிக் கெட்டியாக்கும். இதற்குச் சில நிமிடங்கள் வேண்டும், ரத்தம் வேகமாக வெளியேறிக்கொண்டிருந்தால் அடைப்பு நிலைக்காது. அழுத்தினால் ஓட்டம் மட்டுப்படும், அடைப்பு உட்காரும். இடையில் துணியைத் தூக்கிப் பார்த்தால் புதிதாக உட்கார்ந்த அடைப்பும் துணியோடு வந்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். ஆகவே மடித்த சுத்தமான துணியைக் காயத்தின் மேலேயே வைத்து, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடித்து, 10 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்தவேண்டும். துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொரு துணி. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

விரலின் அடியில் நூலையோ ரப்பர் பேண்டையோ இறுக்கிக் கட்டுவது நம்மிடம் இருக்கும் பழக்கம். வீட்டுக் காயத்துக்கு அது தேவையே இல்லை. அரைகுறையாகக் கட்டினால் திரும்பிப்போகும் ரத்தத்தைத் தடுத்து ஒழுக்கைக் கூட்டும். நன்றாக இறுக்கிக் கட்டிவிட்டு மறந்தால் விரலே போய்விடும்.

காப்பித்தூளும் மஞ்சள்தூளும் இங்கே வரும். காப்பித்தூள் வைத்தால் ரத்தம் நிற்கிறது என்பவர்கள், தூளை வைத்து எவ்வளவு நேரம் அழுத்தினார்கள் என்று யோசிக்கவேண்டும். மஞ்சளில் கிருமியைத் தடுக்கும் குணம் இருப்பதாக ஆய்வுக்கூடங்கள் சொல்வது வேறு, அஞ்சறைப்பெட்டியில் ஈரக்கரண்டி பட்டுக் கிடக்கும் தூள் வேறு. தையல் போடவேண்டிய காயமாக இருந்தால், செவிலியர் ஒவ்வொரு துகளாகக் கழுவி எடுத்த பிறகுதான் ஊசியையே எடுக்க முடியும்.

ரத்தம் நின்றதும் குழாய்த் தண்ணீரில் ஐந்து நிமிடம் கழுவலாம். குடிக்கத் தகுந்த தண்ணீர் காயத்தைக் கழுவவும் தகுந்தது. சோப்பைக் காயத்தைச் சுற்றித் தேய்த்தால் போதும். டெட்டாலை அப்படியே ஊற்றுவது, ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்துத் திருப்திப்படுவது இரண்டும் ஆறவேண்டிய திசுக்களையும் சேர்த்துக் கொல்லும். பிறகு மூடி வைக்கவேண்டும். காயம் காற்றாடக் காய்ந்தால்தான் ஆறும் என்ற நம்பிக்கையை 1962-லேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சோதித்துத் தவறென்று காட்டினார். மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்தது. வாசலின் தடவி ஒரு பிளாஸ்திரி, நனைந்தாலோ அழுக்கானாலோ மாற்றுவது, அவ்வளவுதான்.

விரலிலும் உள்ளங்கையிலும் பட்ட வெட்டை மட்டும் ரத்தம் நின்றவுடன் மறந்துவிடக் கூடாது. அண்ணன் ஒருவர் இளநீர் சீவும்போது அரிவாள் நழுவி இடது ஆள்காட்டி விரலின் அடியில் வெட்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெட்டு ஒரு அங்குலம்கூட இல்லை. 10 நிமிடத்தில் ரத்தமும் நின்றுவிட்டது. பிளாஸ்திரி போட்டுக்கொண்டு அடுத்த இளநீரை எடுக்கத் தோன்றும். ஆனால் அந்த இடத்தில் தோலுக்கு அடியிலேயே விரலை மடக்கும் தசைநாண்களும், விரலின் இரு பக்கமும் ஓடும் மெல்லிய நரம்புகளும் இருக்கின்றன. ஒரு சின்னச் சோதனை செய்யவேண்டும். விரலின் நடு எலும்பை மறு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நுனி மூட்டை மட்டும் மடக்கிப் பார்ப்பது. பிறகு மற்ற மூன்று விரல்களையும் நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு இந்த விரலை மட்டும் மடக்குவது, நீட்டுவது. கடைசியாகக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, விரல்நுனியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் காகித முனையால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பது. ஒரு பக்கம் மரத்திருக்கிறது என்றாலோ, ஒரு மூட்டு மடங்கவில்லை என்றாலோ அன்றைக்கே மருத்துவமனை. எல்லாம் சரியாக மடங்கினாலும், மடக்கும்போது வலி வழக்கத்தைவிட அதிகமென்றால் நாண் பாதி அறுந்திருக்கக்கூடும், அதுவும் காட்டவேண்டியதே. ஒரு மாதம் கழித்து, விரல் மடங்கவில்லை என்று போனால் சிகிச்சை பல மடங்கு கடினமாகிவிடும்.

விடாமல் 10 நிமிடம் அழுத்தி, மறுபடியும் 10 நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால் அழுத்தியபடியே கிளம்பவேண்டும். விட்டு விட்டுப் பீறிட்டால் அந்த இருபது நிமிடத்துக்கும் காத்திருக்க வேண்டாம். விளிம்புகள் தானாகச் சேராமல் வாய் பிளந்திருந்தாலோ, உள்ளே மஞ்சளாகக் கொழுப்புத் தெரிந்தாலோ தையல் தேவைப்படும். அதை ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்வது நல்லது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவைக் கடத்தினால் கிருமி சேர்ந்து, தைக்கவே முடியாமல் போகலாம். கண்ணாடியோ ஆணியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. அது அடைத்துக்கொண்டிருக்கும் ரத்தக் குழாய் பிடுங்கியதும் திறந்துகொள்ளும். இரு பக்கமும் துணியைச் சுருட்டி வைத்து, அசையாமல் கட்டிக்கொண்டு போகலாம். நாய், பூனை, குரங்கு கடித்ததும் பிறாண்டியதும் வேறு கணக்கு: சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போகவேண்டும், கீறல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

தீக்காயமோ வெட்டோ, முதல் நாள் வலிப்பது இயல்பு, நாளுக்கு நாள் குறையவேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் வலி கூடினால், சிவப்பு ஓரம் விரிந்துகொண்டே போனால், சீழோ நாற்றமோ காய்ச்சலோ வந்தால், காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினால் கிருமி பரவுகிறது. சந்தேகமாக இருந்தால் சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடு போட்டு வைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். கோட்டைத் தாண்டியிருந்தால் மருத்துவர் பார்க்கவேண்டும்.

கடைசியாக டி.டி. ஊசி. துரு பட்டால்தான் டெட்டனஸ் வரும் என்று நினைக்கிறோம். கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும்; துருப்பிடித்த ஆணி வழக்கமாக அங்கே கிடப்பதால் அதன்மேல் பழி. ஒவ்வொரு கீறலுக்கும் ஓடிப்போய் ஊசி போட்டுக்கொள்வதும், பள்ளியில் போட்டதோடு சரி என்று விட்டுவிடுவதும் இரண்டுமே தவறான கணக்கு. குழந்தைப் பருவத் தடுப்பூசிகளை முழுதாகப் போட்டவருக்கு, சுத்தமான சின்னக் காயமென்றால் கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால் இன்னொன்று. மண், சாணம் பட்ட காயத்துக்கும் ஆழமான குத்துக்கும் பெரிய தீக்காயத்துக்கும் 5 ஆண்டு தாண்டியிருந்தால் இன்னொன்று. கடைசியாக எப்போது போட்டோம் என்று நினைவே இல்லையென்றால் அதையே மருத்துவரிடம் சொல்லவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம். போட்ட தேதியைக் கைபேசியில் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த காயத்துக்கு இந்தக் குழப்பம் இருக்காது.